ஒரே இரவில் எல்லா ஃபேக் ஐடியையும் அழித்துவிடலாமா?

வாசகர் கடிதம்

மூன்று பேர் சேர்ந்து ஒரு செயலி நடத்துகிறோம். பேஸ்புக் வழியாக உள்நுழைவது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஆரம்பத்தில் 14 ஃபேக் ஐடி உருவாக்கினோம். முகப்புப் படங்கள் எல்லாம் இணையத்தில் எடுத்தவை. அந்த வேலை முடிந்த பிறகு, எங்கள் பேஜுக்கு லைக்கும் கமெண்ட்டும் போட அவற்றைப் பயன்படுத்தினோம். பேஜைத் தொடங்கியதே அதில் ஓர் ஐடிதான். இன்றுவரை அதுதான் ஒரே அட்மின். சோதனைக்கு வைத்திருந்த கூகுள் கணக்குகளில் இருந்து ப்ளே ஸ்டோரில் ஐந்து நட்சத்திர ரிவியூ 9 போட்டிருக்கிறோம். செயலிக்குள்ளும் டெஸ்ட் யூசர்கள் இருநூறு பேர் இருப்பார்கள். போன வாரம் இரண்டு ஐடிகள் முடக்கப்பட்டு, அடையாளச் சான்று கேட்கிறார்கள். ஒரே இரவில் விபிஎன் போட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டால் தடயம் இருக்காது அல்லவா? முடங்கிய இரண்டுக்கும் அடையாள அட்டையைத் திருத்தி அனுப்பலாம் என்கிறார் என் கூட்டாளி. டெஸ்டிங்குக்காகத்தானே வைத்திருந்தோம், இதில் என்ன தப்பு என்றும் கேட்கிறார். சட்டப்படி சிக்கல் வருமா?

வழக்கறிஞரின் பதில்

அழிக்க வேண்டும் என்று நீங்கள் எடுத்த முடிவு சரி. ஆனால் இன்றிரவு ஓர் ஐடியைக்கூட அழிக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது ரிவியூவும் இல்லை, முடங்கிய இரண்டு ஐடியும் இல்லை. பேஜுக்கு அட்மினாக இருப்பவர் உலகத்திலேயே இல்லாத ஒருவர் என்பதுதான்.

ஒரு பேஸ்புக் கணக்கை நிரந்தரமாக அழித்தால், அந்தக் கணக்கு மட்டுமே அட்மினாக இருக்கும் பேஜும் சேர்ந்து போய்விடும். நீங்கள் அழிக்காமல், பேஸ்புக்கே அதை முடக்கினால் பேஜ் இருந்தாலும் உங்களால் உள்ளே போக முடியாது. "அது என் பேஜ்" என்று நீங்கள் முறையிட்டாலும், யார் என்ற கேள்விக்குக் காட்ட உங்களிடம் சான்று ஏதும் இல்லை, ஏனென்றால் ஆவணப்படி அந்தப் பேஜ் உங்களுடையது அல்ல. 14 இல் இரண்டு ஏற்கெனவே போய்விட்டன. ஒரே கருவியில், ஒரே இணைப்பில், ஒரே பேஜைச் சுற்றி இயங்கிய மற்றவையும் அதே வரிசையில்தான் நிற்கின்றன. ஆகவே முதல் வேலை அழிப்பது அல்ல, உரிமையை மாற்றுவது.

முதலில் உரிமை மாற்றம்

அட்மினாக இருக்கும் அந்த ஐடியில் நுழைந்து, பேஜின் அமைப்புகளில் `Page access` பகுதிக்குப் போங்கள். உங்கள் மூவரில் இரண்டு பேரின் உண்மையான சொந்தக் கணக்குகளை முழுக் கட்டுப்பாட்டுடன் சேருங்கள். ஒருவர் போதாது. அவர் கணக்கு நாளை ஹேக் ஆனால் மறுபடியும் இதே நிலைதான். சேர்க்கப்பட்டவர்கள் அழைப்பை ஏற்ற பிறகு, அவர்களால் உண்மையிலேயே பதிவு போட முடிகிறதா, மற்றவர்களைச் சேர்க்க முடிகிறதா என்று பாருங்கள். புதிதாக வந்த அட்மின் பழைய அட்மினை நீக்கச் சில நாள் காத்திருக்க வேண்டி வரலாம். அதனால் இதைச் செய்த அன்றே அடுத்த படிக்குத் தாவ வேண்டாம். இரண்டு பேரும் இரட்டை அடையாளச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள்.

பேஜோடு இது முடியாது. செயலியில் பேஸ்புக் உள்நுழைவு இருக்கிறது என்றால், மெட்டாவின் டெவலப்பர் தளத்தில் உங்கள் செயலிக்கு ஒரு பதிவு இருக்கும். அதன் அட்மின் யார்? இதுவும் 14 இல் ஒன்றாக இருந்தால், அது போன பிறகு அந்தப் பதிவை நிர்வகிக்க ஆளே இருக்காது. பிறகு ஒருநாள் மெட்டா ஏதாவது படிவம் நிரப்பச் சொல்லும், யாரும் நிரப்ப மாட்டார்கள், பேஸ்புக் வழியாக வரும் உங்கள் நிஜ வாடிக்கையாளர்கள் உள்ளே வர முடியாமல் நிற்பார்கள். அங்கே `App roles` பகுதியில் உண்மையான ஒருவரை அட்மினாகச் சேருங்கள். விளம்பரக் கணக்கு எந்த ஐடியில் இருக்கிறது, ப்ளே கன்சோலின் உரிமையாளர் மின்னஞ்சல் எது, டொமைன் எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறது என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள். தொடங்கும்போது கைக்குக் கிடைத்த டெஸ்ட் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு மறந்துபோவது என் அனுபவத்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் விஷயம்.

காத்திருக்கக் கூடாத ஒன்று மட்டும் உண்டு: அந்த முகப்புப் படங்கள். இணையத்தில் எடுத்த படம் என்றால் அது யாரோ ஒருவரின் முகம். அவருக்குத் தெரியாமல் அவர் முகத்தை வைத்து நீங்கள் உங்கள் செயலியைப் பாராட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தளம் தருவது வெறும் முடக்கம். அந்த நபர் புகார் கொடுத்தால் ஆள்மாறாட்டம், தனியுரிமை மீறல் என்று பிரச்சினை சட்டத்தின் பக்கம் போகும். எனவே எந்தப் படம் எந்த ஐடியில் இருந்தது என்று உங்கள் குறிப்புக்கு எழுதிக்கொண்டு, படங்களை இன்றே எடுத்துவிடுங்கள். கணக்குகள் அழிய நாள் ஆகும், படங்கள் அதுவரை நிற்க வேண்டியதில்லை.

"டெஸ்டிங்குக்குத்தானே" என்ற வாதம்

உங்கள் கூட்டாளியின் கேள்விக்கு வருகிறேன். ஒரு கணக்கு எதற்காக உருவாக்கப்பட்டது என்பதைத் தளங்கள் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அது யாரோடு புழங்கியது என்பதைத்தான் பார்க்கின்றன. மெட்டாவிலேயே டெவலப்பர்களுக்கென்று டெஸ்ட் யூசர் என்ற ஏற்பாடு இருக்கிறது. அப்படி உருவாக்கும் கணக்குகளுக்குப் போலிக் கணக்குச் சல்லடையில் இருந்து விலக்கு உண்டு. பதிலுக்கு அவை தங்களுக்குள் மட்டுமே பழக முடியும், நிஜ மனிதர்களோடு தொடர்பு கொள்ள முடியாது. அதாவது பொய்ப் பெயர் அங்கே குற்றம் இல்லை, நிஜக் கூட்டத்துக்குள் கலந்துவிடுவதுதான் குற்றம்.

உங்கள் 14 ஐடிகளும் சாதாரணப் பதிவு வழியாக வந்தவை, ஆகவே முதல் நாளே விதிமீறல்தான். ஆனால் உள்நுழைவைச் சோதித்துவிட்டு அப்படியே கிடந்திருந்தால் அது சின்ன விஷயம். பேஜுக்கு லைக் போட்ட நிமிடத்தில் அவை விளம்பரக் கருவிகளாக மாறிவிட்டன. இந்த வாதத்தை மேல்முறையீட்டில் எழுதினால், கணக்கின் செயல்பாட்டுப் பதிவே உங்களுக்கு எதிராகப் பேசும். செயலிக்குள் இருக்கும் இருநூறு பேர் வேறு கதை. அது உங்கள் சொந்த டேட்டாபேஸ், அதில் எந்தத் தளத்துக்கும் அக்கறை இல்லை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

விபிஎன்னும் திருத்திய அட்டையும்

இரண்டும் வேண்டாம். அட்டையைத் திருத்துவது பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. ஐடி விஷயத்தில் இதுவரை நீங்கள் மீறியது பெரும்பாலும் ஒரு தளத்தின் விதியை, அட்டையைத் திருத்தினால் அது ஆவண மோசடி. எப்படியும் அழிக்கப்போகும் கணக்கை மீட்க யாராவது குற்றம் செய்வார்களா? முடங்கிய இரண்டையும் அப்படியே விடுங்கள். முடக்கத்துக்கு எதிராக முறையிட 180 நாள் கொடுக்கிறார்கள்; முறையிடாவிட்டால் அது நிரந்தரமாகிவிடும். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே.

விபிஎன் விஷயத்தில் உங்கள் கணிப்பே தப்பு. இத்தனை காலம் அந்த ஐடிகள் உங்கள் கருவியில், உங்கள் இணைப்பில்தான் இயங்கின. அந்தத் தொடர்பு பதிவாகி முடிந்துவிட்டது. இன்றைக்கு மட்டும் வேறு ஊரில் இருந்து வருவது போல நுழைந்தால், "சந்தேகத்துக்குரிய உள்நுழைவு" என்று கணக்கு பூட்டப்படலாம், நீங்கள் அழிக்கவும் முடியாமல் போகலாம். வழக்கமான கருவியில், வழக்கமான இணைப்பில் நுழைந்து அழிப்பதுதான் எளிது.

இதற்கு ஒரு நிஜ வழக்கு உண்டு. அமெரிக்காவில் சண்டே ரைலி என்ற சருமப் பராமரிப்பு நிறுவனத்தின் மீது அந்நாட்டு வணிக ஆணையமான எஃப்டிசி 2019 இல் நடவடிக்கை எடுத்தது. ஊழியர்களைக்கொண்டு செஃபோரா விற்பனைத் தளத்தில் போலிக் கணக்குகள் தொடங்கி, சொந்தப் பொருளுக்கே ரிவியூ எழுத வைத்தார்கள் என்பது புகார். சில ரிவியூக்கள் நீக்கப்பட்டதும் ஐபி முகவரியை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்று நினைத்து நிறுவனம் விபிஎன் வாங்கியதாகவும் அந்தப் புகாரில் இருக்கிறது. விபிஎன் அவர்களை மறைக்கவில்லை. தெரிந்தேதான் செய்தார்கள் என்று காட்டும் விவரமாக வழக்கில் போய் உட்கார்ந்தது. விபிஎன் யோசனையை உங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் பேசியிருந்தால், அதுவும் ஒரு பதிவுதான் என்பதை மறக்காதீர்கள்.

ரிவியூக்கள்: சட்டம் நுழையும் இடம்

சட்டப்படி சிக்கல் வருமா என்று கேட்டீர்கள். வெறும் ஃபேக் ஐடி பெரும்பாலும் தளத்துக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தப் பிரச்சினை. கணக்கு போகும், பேஜ் போகும், அவ்வளவுதான். போலி ரிவியூ அப்படி அல்ல. அது வாங்குபவரை ஏமாற்றும் செயல் என்று நுகர்வோர் சட்டம் பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் போலி ரிவியூ போடுவதே தடைசெய்யப்பட்ட வணிக நடைமுறை. அமெரிக்காவில் 2024 அக்டோபர் 21 முதல் இதற்கென்றே தனி விதி இருக்கிறது. தெரிந்து செய்தால் அபராதம் கேட்கலாம். பிரிட்டனில் 2025 ஏப்ரலில் இருந்து இதே நிலை. உங்கள் செயலி எந்தெந்த நாட்டில் கிடைக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம் உங்களைத் தொட வாய்ப்பு உண்டு. 9 ரிவியூவுக்காக ஓர் அரசு அமைப்பு உங்களைத் தேடி வரும் என்று நான் மிரட்ட மாட்டேன். போட்டி நிறுவனம் ஒன்று புகார் கொடுப்பதுதான் நடைமுறையில் அதிகம் நடப்பது. அதுவும் ப்ளே கன்சோல் கணக்கு பறிபோகும் அளவுக்குப் போகலாம். கூகுள் ஒரு டெவலப்பர் கணக்கை மூடினால் அதோடு தொடர்புடைய மற்ற கணக்குகளையும் மூடும். எனவே "இன்னொரு கணக்கு தொடங்கிக்கொள்ளலாம்" என்ற வழி இல்லை.

இங்கே வரிசை முக்கியம். கூகுள் கணக்கை அழித்தால் ரிவியூ தானாகப் போய்விடும் என்று நம்பி விடாதீர்கள். கணக்கு போன பிறகு ரிவியூ நின்றுவிட்டால் அதை எடுக்க உங்களிடம் சாவி இல்லை. ஒவ்வொரு கணக்கிலும் நுழைந்து, ப்ளே ஸ்டோரில் `Manage apps & device` வழியாக `Ratings & reviews` பகுதிக்குப் போய், போட்ட ரிவியூவை அழியுங்கள். பிறகு அந்தக் கணக்குகள் இல்லாத ஒரு கருவியில் உங்கள் செயலியின் பக்கத்தைத் திறந்து, அவை மறைந்துவிட்டனவா என்று பாருங்கள். அதற்குப் பிறகு கணக்கை மூடுங்கள். பேஜில் போட்ட கமெண்ட்டுகளையும் இதே போல முதலில் எடுத்துவிடுங்கள். சராசரி நட்சத்திரம் இறங்கும். மொத்தமே முப்பது நாற்பது ரிவியூ இருக்கும் செயலி என்றால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கே இறங்கும். அந்த இடத்தை நிரப்ப உறவினர்களிடம் ரிவியூ கேட்கப் போகாதீர்கள்.

இதற்கெல்லாம் முன் உங்களிடம் ஒரு கேள்வி. யாராவது உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்களா, அல்லது புகார் கொடுக்கப்போவதாக எழுதியிருக்கிறார்களா? அப்படி இருந்தால் மேலே சொன்ன எதையும் தொடாமல் உங்கள் நாட்டில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தகராறு தொடங்கிய பிறகு அழிப்பது சாட்சியத்தை அழிப்பதாகிவிடும். ரிவியூ போட்டதைவிட அது பெரிய குற்றமாக முடியலாம். அப்படி எதுவும் இல்லை என்றால் இது சாதாரணச் சுத்தம் செய்யும் வேலைதான். அப்போதும் ஒரு தாளில் ஐடி, உருவாக்கிய நோக்கம், என்ன செய்தது, எப்போது அழித்தோம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தடயமே இருக்கக் கூடாது என்பது உங்கள் ஆசை. என் ஆலோசனை நேர்மாறு: நீங்களாகத் திருத்திக்கொண்டதற்கான தடயம் உங்களிடம் இருக்கட்டும்.

இனி அழிக்கலாம்

பேஜும் டெவலப்பர் பதிவும் கைமாறி, ரிவியூக்களும் கமெண்ட்டுகளும் போன பிறகு, மீதமுள்ள 12 ஐடிகளை எடுங்கள். `Accounts Center` திறந்து, `Personal details`, அதற்குள் `Account ownership and control`, அதற்குள் `Deactivation or deletion`. அங்கே இரண்டு தேர்வுகள் இருக்கும். தற்காலிகமாக நிறுத்துவது வேறு, அழிப்பது வேறு. நிறுத்தி வைத்த போலிக் கணக்கு இன்னும் போலிக் கணக்குதான்.

அழிக்கச் சொன்ன பிறகு 30 நாள் அவகாசம் ஓடும். அதற்குள் யாராவது அந்தக் கணக்கில் நுழைந்து அதைத் திரும்ப எடுத்தால் அழிப்பு ரத்து. பலர் சறுக்குவது இங்கேதான், உங்களுக்கும் அந்த ஆபத்து இருக்கிறது. பேஸ்புக் உள்நுழைவைச் சோதிக்கத் தானியங்கி டெஸ்ட் ஸ்கிரிப்ட் ஏதாவது எழுதியிருக்கிறீர்களா? அது ஒவ்வொரு இரவும் அந்த ஐடிகளின் கடவுச்சொல்லோடு உள்ளே போக முயன்றுகொண்டிருக்கும். மாதக் கடைசியில் பார்த்தால் ஏதோ ஓர் ஐடி உயிரோடு இருக்கலாம், ஏன் என்றே புரியாது. ஆகவே முதலில் ஸ்கிரிப்டில் இருந்து அந்தக் கணக்குகளை எடுங்கள், உலாவிகளில் சேமித்த கடவுச்சொற்களை நீக்குங்கள், பழைய டெஸ்ட் போன்களில் வெளியேறுங்கள். 30 நாளுக்குப் பிறகும் சேவையகங்களில் இருந்து தகவல் முழுவதும் போக மொத்தம் 90 நாள் வரை ஆகலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் அழித்தால் சந்தேகம் வருமா என்று யோசிப்பீர்கள். அழிப்பது விதிமீறல் அல்ல, அதைச் செய்ய நாள் கணக்குப் போட்டு ஒளிய வேண்டியதில்லை. இருந்தாலும் முதலில் எதற்கும் அட்மினாக இல்லாத ஓர் ஐடியை மட்டும் அழித்து, ஒரு வாரம் எதுவும் உடையவில்லை என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள் என்பேன். பேஜை வைத்திருந்த ஐடி கடைசியில் போகட்டும்.

ஏதாவது ஓர் ஐடிக்குக் கொடுத்திருந்த சிம்மை நீங்கள் விட்டுவிட்டிருந்தால் அந்த எண் இப்போது வேறொருவரிடம் இருக்கலாம், ஓடிபி அவருக்குப் போகும். அப்படி நுழைய முடியாத ஐடிகளை உங்கள் சொந்தக் கணக்கில் இருந்தே போலிக் கணக்கு என்று புகார் செய்யுங்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும் இருக்கும் நேரான வழி அதுதான்.

இவ்வளவும் செய்த பிறகு உங்கள் நிஜக் கணக்கோ பேஜோ கட்டுப்படுத்தப்பட்டால், ஒரு முறை மட்டும், சுருக்கமாக, உண்மையாக முறையிடுங்கள். இப்படி இருந்தால் போதும்: "எங்கள் செயலியைச் சோதிக்கத் தொடங்கிய கணக்குகளை விதிக்கு மாறாக எங்கள் பேஜுக்கும் பயன்படுத்தினோம். அவற்றையும் அவை போட்ட கருத்துகளையும் இன்ன தேதியில் நீக்கிவிட்டோம். பேஜை இப்போது எங்கள் சொந்தக் கணக்குகள் மட்டுமே நிர்வகிக்கின்றன." யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று எழுதாதீர்கள்.

அடுத்த முறை சோதிக்க

மெட்டாவின் டெஸ்ட் யூசர் வசதி உங்கள் பதிவில் திறந்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் உங்கள் மூவரின் சொந்தக் கணக்குகளை `App roles` இல் டெஸ்டராகச் சேர்த்து, செயலியை டெவலப்மென்ட் நிலையில் வைத்துச் சோதிக்கலாம். ஓடிபி சோதிக்க சிம் வாங்கிக் குவிக்க வேண்டாம். ஃபயர்பேஸில் கற்பனை எண்களைப் பதிவு செய்தால் குறுஞ்செய்தி போகாமலே உள்நுழைவு நடக்கும். ப்ளே ஸ்டோரின் உள்வட்டச் சோதனையில் 100 பேர் வரை சேர்க்கலாம். ஐபோனுக்கு டெஸ்ட்ஃப்ளைட் இருக்கிறது, வெளி ஆட்கள் 10,000 பேர் வரை.

இனி அந்த இருநூறு. மின்னஞ்சலில் `+` குறி இருப்பவற்றை எல்லாம் டெஸ்ட் என்று நினைத்து மொத்தமாக அழிக்காதீர்கள், நிஜ வாடிக்கையாளர்களும் அப்படி முகவரி கொடுப்பார்கள். முதலில் டெஸ்ட் என்று ஓர் அடையாளப் புலம் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறியிட்டு, பட்டியலை இன்னொருவர் சரிபார்த்த பிறகு அழியுங்கள். நிஜ வாடிக்கையாளரோடு உரையாடலோ பணப் பரிமாற்றமோ உள்ள கணக்குகளில் அந்தப் பதிவுகளை மட்டும் விட்டுவையுங்கள், கணக்கு வழக்குக்குத் தேவைப்படும். அப்புறம், முதலீட்டாளரிடமோ விளம்பரதாரரிடமோ இதுவரை சொன்ன பயனர் எண்ணிக்கையில் இந்த இருநூறும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால், அழிப்பதற்கு முன்பே திருத்திய எண்ணை அவர்களுக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.